வெயிலில் காய்ந்த பற்றரிகள்

2022 மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தது நினைவிருக்கும். அந்த நாட்களில் ஒரு மத்தியானம், கரண்ட் வந்திருந்த கொஞ்ச நேரத்துக்குள், தங்கச்சியின் மகன் ஒரு வேலை பார்த்தான். என் கமெராவுக்கு வாங்கிய சார்ஜரில், சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றிய இரண்டு சின்னப் பற்றரிகளைப் போட்டு, செருகிவிட்டு விளையாடப் போய்விட்டான். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்ததால் சார்ஜ் ஏறுகிறது என்று நினைத்திருக்கிறான். முக்கால் மணிநேரம் கழித்து நான் அறைக்குள் போனபோது மூக்கில் ஒரு காரமான வாடை. தொட்டுப் பார்த்தேன், ஒரு பற்றரி கையில் பிடிக்க முடியாத சூடு. மற்றதன் அடியிலிருந்து மண்ணிறத்தில் ஒரு நீர் கசிந்து சார்ஜரின் கம்பிச்சுருளில் இறங்கியிருந்தது. வயரைப் பிடுங்கி, இரண்டையும் துணியால் எடுத்து முற்றத்தில் வைத்தேன்.

அவன் திரும்பி வந்ததும் ஏசவில்லை, விளக்கம்தான் சொன்னேன். "இது முதன்மைக் கலமடா, சார்ஜ் ஏறாது. துணைக் கலத்துக்குத்தான் ஏறும்." தரம் 8 படிக்கிற பிள்ளை, இந்தச் சொற்கள் அவனுக்குத் தெரியும். ஆனாலும் விடவில்லை. "அப்பாட ஓட்டோ பற்றரிக்கு ஏறுதுதானே மாமா? அதுவும் பற்றரி, இதுவும் பற்றரி. இதுக்கு மட்டும் ஏன் ஏறாது?" நான் ஏதோ சொன்னேன். இது உலர்ந்தது, அது தண்ணி உள்ளது, அதனால்தான் என்று. சொல்லும்போதே அது பதில் இல்லை என்று தெரிந்தது. என் கமெராப் பற்றரியும் உலர்ந்ததுதான், குலுக்கினால் ஒரு சொட்டுத் தண்ணிச் சத்தம் வராது, அதுக்கு நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் ஏறுகிறது. முதன்மை, துணை என்பதும் காரணம் இல்லை, வெறும் பெயர். சார்ஜ் ஏறாததற்கு முதன்மைக் கலம் என்று பெயர் வைத்துவிட்டு, முதன்மைக் கலம் என்பதால் ஏறாது என்று சொன்னேன்.

அதைவிட என்னை உறுத்தியது வேறு. சார்ஜ் ஏறாது என்று அவனுக்கு அடித்துச் சொன்ன நானே, சின்ன வயதில் அது ஏறியதைப் பார்த்தவன்.

தகரத்தின் மேல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் மூதூர்ப் பக்கம் சேனையூரில் அம்மம்மா வீட்டில் இருந்தோம். பற்றரி அருமையான சாமான். திருகோணமலை ரவுணுக்குப் போய் வருகிறவர்கள் லோஞ்சில் கொண்டுவந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எங்கள் ரேடியோ நாலு பெரிய பற்றரி போடுகிற ரேடியோ. அவை கிழடானதும் அப்பா கழற்றி, கோழிக்கூட்டுத் தகரத்தின் மேல் வரிசையாக அடுக்கிவைப்பார். காலையில் ஒரு பக்கம், மத்தியானம் உருட்டி மறுபக்கம். பின்னேரம் எடுத்துப் போட்டால் ரேடியோ பேசும். முதல் நாள் இரவு முனகிக்கொண்டு செத்துப்போன அதே பற்றரிகள். "வெயிலில சார்ஜ் ஏறும்" என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். ஆணியால் பற்றரியின் பக்கத்தில் இரண்டு துளை போட்டு, உப்புத் தண்ணி ஊற்றி, மெழுகால் அடைக்கிறவர்களும் இருந்தார்கள். அதுவும் வேலை செய்தது.

அப்படியென்றால் சார்ஜ் ஏறுமா, ஏறாதா? நான் மின்சார வேலை தெரிந்தவன். வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். மல்ரிமீற்றர் என் பையில் எப்போதும் இருக்கும். ஆனால் இந்தக் கேள்வியை முப்பது வருடமாக நான் என்னிடம் கேட்கவில்லை. அன்றைக்கு மருமகன் கேட்ட பிறகுதான் டோர்ச்சுக்குள் கிடந்த இரண்டு பெரிய பற்றரிகளை எடுத்து மேசையில் வைத்தேன். இரண்டும் கிழடு. டோர்ச்சில் போட்டால் குமிழின் இழை சிவந்து தெரியுமே தவிர வெளிச்சம் இல்லை.

முதலில் மீற்றரை மட்டும் வைத்துப் பார்த்தோம். ஒன்று 1.33 வோல்ற் காட்டியது. புதியது 1.5க்குக் கொஞ்சம் மேலே காட்டும். ஆக, இது அவ்வளவு மோசம் இல்லைப்போல் தெரியும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மீற்றர் கிட்டத்தட்ட மின்னோட்டமே எடுக்காத கருவி. வேலை செய்யாமல் சும்மா நிற்கும்போது எந்தக் கிழட்டுப் பற்றரியும் மரியாதையான எண்ணைக் காட்டும். அதே பற்றரியில் டோர்ச் குமிழை வயரால் தொடுத்து, குமிழ் எரிய எரிய மீற்றரை வைத்தேன். எண் சரசரவென்று இறங்கி 0.7இல் நின்றது. அதுதான் உண்மையான நிலை.

பிறகு அதை மதிலின் மேல் இரண்டு மணிநேரம் சித்திரை வெயிலில் வைத்தோம். எடுத்தபோது கை சுட்டது. சும்மா வைத்துப் பார்த்தால் 1.39. குமிழைத் தொடுத்தால் 1.1, வெளிச்சமும் வந்தது. மருமகன் துள்ளினான். "ஏறியிருக்கு மாமா!" நான் குமிழைக் கழற்றவில்லை. எரியவிட்டுக் காத்திருந்தோம். பத்து நிமிடத்தில் 0.9. இன்னும் பத்து நிமிடத்தில் பழைய 0.7க்கே வந்துவிட்டது. என்ன நடந்தது என்று பார்க்க வேண்டுமென்றால் உள்ளே பார்க்க வேண்டும்.

நாகத் தகரம்

ஒன்று சொல்லவேண்டும். நான் வெட்டியது சாதாரண, மலிவான நாக-காபன் பற்றரி. அல்கலைன் என்று எழுதியதையும் கைபேசிப் பற்றரியையும் யாரும் வெட்டக்கூடாது. முதலாவதில் கண்ணைக் கெடுக்கும் காரம் இருக்கிறது, இரண்டாவது தீப்பிடிக்கும். இதற்குக்கூட நான் கையுறை போட்டு, முற்றத்தில் வைத்துத்தான் அறுத்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு புதிய பற்றரியையும் வாங்கி அறுத்தோம். காசு போனாலும் பரவாயில்லை என்று பட்டது.

புதியதன் மேலுறையை உரித்ததும் உள்ளே ஒரு சாம்பல் நிறக் குவளை, மழமழவென்று. அதுதான் நாகம். பாத்திரமும் அதுவே, எதிர்முனையும் அதுவே. குவளையின் உட்சுவரைச் சுற்றி, பசை பூசிய ஒரு தடித்த கடதாசி. அதற்குள் ஈரமான கரிய மா. பிசைந்தால் ஈரமண் போல இருக்கும். அதில் மங்கனீசீரொட்சைட்டும் கரித்தூளும், நவச்சாரமும் நாகக் குளோரைட்டும் கரைந்த நீரும் இருக்கின்றன. நடுவில் ஒரு கரிக்கோல், தலையில் பித்தளைத் தொப்பி. உலர்கலம் என்ற பெயரைக் கேட்டு நான் இத்தனை வருடமும் உள்ளே காய்ந்த சாமான் இருக்கும் என்றே நினைத்திருந்தேன். உண்மையில் ஈரம் இல்லாவிட்டால் அது வேலையே செய்யாது. ஈரத்தைப் பசையாக்கி ஊற்றுப்படாமல் வைத்ததுதான் 'உலர்'. 1866இல் லெக்லாஞ்சே என்ற பிரெஞ்சுக்காரர் செய்த கலம் கண்ணாடிச் சாடியில் நவச்சாரத் தண்ணியோடு இருந்தது. இருபது வருடம் கழித்து காள் காஸ்னர் என்ற ஜேர்மனியர் அந்தத் தண்ணியைப் பசையாக்கி, நாகத்தையே சாடியாக்கினார். அப்போதுதான் அது கையில் எடுத்துப் போகிற சாமானாக ஆனது.

கிழட்டுப் பற்றரியை அறுத்தபோது இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மழமழப்பான குவளை இல்லை. கறையான் அரித்த பலகை மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு தகடு. சில இடத்தில் விரலால் அழுத்தினாலே உடைந்தது. கடதாசியில் வெள்ளையாக, உப்புப் பூத்த சுவர் போல ஒரு பொருக்கு. உள்ளே மா இறுகிக் கட்டியாகி, கத்தியால் குத்தவேண்டி இருந்தது.

டோர்ச்சை அழுத்துகிறபோது நடப்பது இதுதான். நாகம் தன் இலத்திரன்களை வயருக்குக் கொடுத்துவிட்டுக் கரைந்து பசைக்குள் போகிறது. அந்த இலத்திரன்கள் குமிழைச் சுற்றிவந்து, கரிக்கோல் வழியாக மங்கனீசீரொட்சைட்டில் சேர்கின்றன. கரிக்கோல் எதுவும் செய்வதில்லை. அது வெறும் வழி. எரிகிற விறகு நாகம்தான், அதற்குக் கணக்குக்கூட இருக்கிறது: ஒரு அம்பியர் ஒரு மணிநேரம் ஓட 1.2 கிராம் நாகம் கரையவேண்டும். 0.3 அம்பியர் எடுக்கிற ஒரு டோர்ச் குமிழை பத்து மணிநேரம் எரித்தால் மூன்றரைக் கிராமுக்கு மேல் சுவர் கரைந்துவிடும். அதுவும் சமமாகக் கரைவதில்லை; ஒரு இடம் மெலிந்தால் அங்கேயே துளை விழும். பழைய பற்றரி ரேடியோவுக்குள் ஒழுகி வைப்பது இதனால்தான். பாத்திரத்தையே எரித்தால் உள்ளே இருப்பது வெளியே வராமல் என்ன செய்யும்?

இப்போது சார்ஜரில் போட்டதை நினைத்துப் பாருங்கள். மின்னோட்டத்தை எதிர்ப்பக்கமாகத் தள்ளுகிறோம், கரைந்த நாகம் திரும்பவேண்டும். ஆனால் எங்கே இருக்கிறது அந்த நாகம்? சுவரை விட்டுக் கரைந்து போனது பசைக்குள் அலைந்து, நவச்சாரத்திலிருந்து வந்த அமோனியாவோடு சேர்ந்து அந்த வெள்ளைப் பொருக்காக இறுகிவிட்டது. ஒரு பகுதி கரிய மாவுக்குள்ளும் போய் மங்கனீசோடு பிணைந்துவிட்டது. திரும்பி வரக்கூடிய கொஞ்சமும் பழைய இடத்தில் படிவதில்லை. ஓட்டைக்கு நாகம் போய் ஒட்டாது. அங்கே ஒட்டுவதற்குச் சுவரே இல்லை. இருக்கிற சுவரில் எது தூக்கலான முனையோ அங்கே ஊசி ஊசியாக வளர்ந்து, கடதாசியைத் துளைத்து, மறுபக்கத்து மாவைத் தொட்டுவிடும். தொட்டால் உள்ளேயே குறுக்குச் சுற்று. ஏற்றுகிற மின்னோட்டத்தில் மிஞ்சியது தண்ணியைப் பிரித்து வாயுவாக்கும். அடைத்த பற்றரிக்குள் அந்த வாயு போக இடமில்லை. அன்று மேசையில் கண்ட சூடும் கசிவும் அதுதான்.

மங்கனீசுப் பக்கத்துக்கும் ஒரு கதை உண்டு, அது கொஞ்சம் நேர்மையாகச் சொல்லப்படவேண்டியது. சார்ஜ் ஏறவே ஏறாது என்பது முழு உண்மை இல்லை. பற்றரியைக் கொஞ்சம் மட்டும் பாவித்தால், மங்கனீசீரொட்சைட்டு தன் உருவம் கலையாமலே ஐதரசனை உள்ளே வாங்கி வைத்திருக்கும். அதைத் திரும்ப வெளியே எடுக்கலாம். அதனால், எரிகிற நிலையில் ஒரு வோல்ற்றுக்குக் கீழே இறங்குமுன் கழற்றி, உடனேயே, மிகச் சிறிய மின்னோட்டத்தில் பத்துப் பதினைந்து மணிநேரம் ஏற்றினால், சில தடவை கொஞ்சம் உயிர் வரும். ஒவ்வொரு தடவையும் குறைவாக. அந்தக் கட்டத்தைத் தாண்டினால் மங்கனீசு வேறு சேர்வையாக உடைந்துவிடும். அதற்குப் பிறகு மீட்க முடியாது. கடிகாரம் நிற்கும்வரை ஓடிய பற்றரி அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டியிருக்கும்.

அநுராதபுரச் சந்தியில்

பாதிப் பதில் கிடைத்துவிட்டது. மற்றப் பாதி, ஓட்டோ பற்றரிக்கு ஏன் ஏறுகிறது என்பது. அதுக்குச் சந்தர்ப்பம் ஆடி மாதத்தில் தானாகவே வந்தது. பெற்றோல் இல்லாமல் மச்சானின் ஓட்டோ ஐந்து கிழமை வாசலில் நின்றது. கடைசியில் பெற்றோல் கிடைத்து அடித்துக்கொண்டு வந்து ஸ்டார்ட் பண்ணினால், 'டிக்' என்ற ஒரு சத்தம் மட்டும். பற்றரியைக் கழற்றி, மருமகனையும் ஏற்றிக்கொண்டு, திருகோணமலையில் அநுராதபுரச் சந்திப் பக்கம் இருக்கிற ஒரு சின்னப் பற்றரிக் கடைக்குப் போனேன். அந்தக் கடை ஐயாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். விரல் நுனியெல்லாம் அசிட் பட்டுத் தடித்துப் போயிருந்தது.

அவர் முதலில் ஆறு மூடியையும் திறந்தார். ஓட்டோவில் இருப்பது 12 வோல்ற் பற்றரி. உள்ளே இரண்டு இரண்டு வோல்ற்றாக ஆறு அறை. ஒரு கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு அறையிலும் அசிட்டை உறிஞ்சி, உள்ளே மிதக்கிற மிதவையைப் பார்த்தார். நல்ல பற்றரியில் அடர்த்தி 1.26இலிருந்து 1.28 வரை இருக்கும். ஆறும் 1.12க்குக் கிட்ட இருந்தன. "முழுசா இறங்கிக் கிடக்கு. இறங்கின நிலையில நிக்க விட்டதுதான் பிழை" என்றார். மின்னோட்டம் எடுக்க எடுக்க அசிட் ஏன் தண்ணியாகிறது என்று மருமகன் கேட்டான். "அசிட் எங்கயும் போகேல்ல தம்பி. தட்டுக்குள்ள போயிருக்கு. சார்ஜ் போட்டா இறங்கி வரும்" என்றார் ஐயா. வேதியியலை ஒரு வரியில் இவ்வளவு சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மெதுவாக ஏற்றவேண்டும் என்று சொல்லி, இரண்டு அம்பியரில் இரண்டு நாள் விட்டார். மூன்றாம் நாள் போனால் ஐந்து அறை 1.24, 1.25 வரை ஏறி வந்திருந்தன. ஒரு அறை 1.13ஐத் தாண்டவில்லை. மீற்றர் வைத்தால் 10.5 வோல்ற். ஆறில் ஒன்று செத்தால் வருகிற எண் சரியாக அதுதான். ஒரு அறையின் இரண்டு வோல்ற் காணாமல் போயிருக்கிறது. "இனி இது பழைய ஈயத்துக்குத்தான்" என்றவரிடம், திறந்து காட்ட முடியுமா என்று கேட்டேன். ஒரு கணம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு அசிட்டை ஒரு பிளாஸ்ரிக் வாளியில் கவிழ்த்து, தண்ணி விட்டுக் கழுவி, எங்களை இரண்டு அடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மேல்மூடியை அறுத்தார்.

நல்ல அறை ஒன்றிலிருந்து தட்டுக் கட்டை வெளியே இழுத்தார். ஈயத்தில் வார்த்த வலை, யன்னல் கம்பி போல. அதன் கண்களுக்குள் அப்பிய களி. ஒரு தட்டு சாம்பல் நிறம், அடுத்தது சொக்கிளேற் மண்ணிறம், நடுவில் ஒரு பிரிப்புத் தாள், பிறகு மறுபடி சாம்பல். சாம்பல் நிறம் கடற்பாசி போலத் துளைகளுள்ள ஈயம், எதிர்த்தட்டு. மண்ணிறம் ஈயவீரொட்சைட்டு, நேர்த்தட்டு. இத்தனை வருடம் ஸ்டார்ட் எடுத்த பற்றரி, ஆனாலும் தட்டு தட்டாகவே இருந்தது. நான் வீட்டில் அறுத்த நாகக் குவளை கண்முன்னே வந்தது.

பற்றரியிலிருந்து கரண்ட் எடுக்கும்போது எதிர்த்தட்டின் ஈயமும் நாகத்தைப் போலவே இலத்திரனைக் கொடுக்கிறது. வித்தியாசம் அடுத்த கணத்தில்தான். நாகம் கரைந்து அலையப் போகிறது. ஈயத்தை அலைய விடாமல், சுற்றி நிற்கும் சல்பூரிக்கமிலத்தின் சல்பேற்று அந்த இடத்திலேயே பிடித்துவிடுகிறது. ஈயச் சல்பேற்று தண்ணியில் அநேகமாகக் கரையாத பொருள். ஆகவே அது பிறந்த இடத்திலேயே, தட்டின் மேலேயே, மெல்லிய வெள்ளைப் பளிங்காக ஒட்டிக்கொள்கிறது. நேர்த்தட்டிலும் அதே கதை: ஈயவீரொட்சைட்டும் ஈயச் சல்பேற்றாகிறது, கூடவே தண்ணி பிறக்கிறது. இரண்டு தட்டிலும் ஒரே பொருள், இரண்டும் தத்தம் இடத்தில். சார்ஜ் போடும்போது மின்னோட்டம் எதிர்ப்பக்கம் போகிறது. ஒரு தட்டின் சல்பேற்று இருந்த இடத்திலேயே ஈயமாகிறது, மற்றதில் இருப்பது இருந்த இடத்திலேயே ஈயவீரொட்சைட்டாகிறது, விட்டுப்போன சல்பேற்று தண்ணிக்குள் இறங்கி மறுபடி அசிட்டாகிறது. ஐயா சொன்ன 'தட்டுக்குள்ள போயிருக்கு' இதுதான். பத்து அம்பியர் மணி எடுத்தால் ஒவ்வொரு அறையின் எதிர்த்தட்டுகளிலும் சுமார் 39 கிராம் ஈயம் வேறு பொருளாக மாறுகிறது. நாகத்தைவிட மூன்று மடங்குக்கு மேல். ஆனாலும் ஒரு கிராமும் தட்டை விட்டுப் போக வேண்டியதில்லை.

இந்தப் பற்றரி பிறந்ததே மின்னோட்டத்தைத் திருப்பித் திருப்பிக் கொடுத்துத்தான். 1859இல் கஸ்தோன் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாமல் சுருட்டி அசிட்டில் வைத்து, ஏற்றி இறக்கி, திசை மாற்றி மறுபடி ஏற்றி, அந்த வேலையாலேயே தகட்டின் மேற்பரப்பைத் துளைகளுள்ளதாக ஆக்கினார். ஒவ்வொரு தடவையும் அது கூடுதலாகக் கொள்ளும். நாகக் குவளை ஒவ்வொரு தடவையும் குறைகிறது.

சரி, அப்படியானால் இந்தப் பற்றரி ஏன் செத்தது? ஐயா செத்த அறையின் தட்டுக் கட்டைத் தூக்கினார். அடியில் மண்ணிறச் சேறு, விரல் ஆழம். அதைச் சுரண்டி எடுத்துக் காட்டினார். "தட்டில இருந்து கொட்டினது. ஒவ்வொரு ஏத்த இறக்கத்துக்கும் தட்டு ஊதிச் சுருங்கும், கொஞ்சம் உதிரும். குலுக்கத்துக்கும் உதிரும். சேறு ஏறித் தட்டின்ர அடியத் தொட்டா ரெண்டு தட்டும் ஒண்டாப் போச்சு." பிறகு மருமகனைப் பார்த்து, இதை மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "தட்டில இருக்க வேண்டியது தட்டில இருக்கிற மட்டும்தான் தம்பி பற்றரி. கீழ விழுந்ததுக்கு எவ்வளவு கரண்ட் குடுத்தாலும் மேல ஏறாது."

நான் அங்கேயே நின்றுவிட்டேன். மருமகனின் கேள்விக்குப் பதில் அது. அவர் ஈயப் பற்றரி ஏன் சாகிறது என்று சொன்னார். நாகப் பற்றரி ஏன் பிழைக்காது என்பதும் அதே வசனம்தான். ஈயப் பற்றரியில் வருடக்கணக்கில் விபத்தாக நடக்கிற ஒன்று, நாகப் பற்றரியில் முதல் நாளிலிருந்தே வேலையாக நடக்கிறது. இடத்தை விட்டுப் போகாத பொருளைத்தான் மின்னோட்டத்தால் திருப்ப முடியும். பசையா தண்ணியா என்பதில் ஒன்றும் இல்லை. என் கமெராப் பற்றரியிலும் நிக்கலும் ஐதரசன் ஏற்கும் உலோகமும் தத்தம் இடத்தில் திண்மமாகவே நிற்கின்றன. ஐதரசன் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருகிறது.

மற்ற ஐந்து அறைகளும் முழுதாக ஏறாததற்கும் ஐயா காரணம் காட்டினார். தட்டில் அங்கங்கே வெள்ளைத் திட்டு, நகத்தால் கீறினால் கரகரத்தது. புதிதாகப் பிறந்த ஈயச் சல்பேற்றுப் பளிங்கு மிக நுண்ணியது, மின்னோட்டம் தொட்டதும் மாறிவிடும். இறங்கிய பற்றரியை ஐந்து கிழமை அப்படியே விட்டால் சின்னப் பளிங்குகள் கரைந்து பெரியவற்றில் சேர்ந்து கட்டியாகிவிடும். அநேகமாகக் கரையாதது என்று சொன்னேனே, அந்த 'அநேகமாக'வில் இருக்கிற கொஞ்சம் அதற்குப் போதும். கட்டியானது கரண்டைக் கடத்தாது, இலேசில் திரும்பாது. அதனால் நிற்கிற வண்டியின் பற்றரியைக் கழற்றி, முழுதாக ஏற்றி, மாதம் ஒரு தடவை மறுபடி ஏற்றிவைக்கவேண்டும். தண்ணி குறைந்தால் வடித்த நீர் மட்டும் விடவேண்டும், அசிட் விடக்கூடாது. ஆவியாகியும் வாயுவாகியும் போவது தண்ணிதான். ஏற்றும்போது வருகிற ஐதரசன் பற்றக்கூடியது, அதனால் அறைக்குள் பூட்டிவைத்து ஏற்றக்கூடாது. இதையெல்லாம் மச்சான் புதுப் பற்றரிக்கு இப்போது செய்கிறார்.

ஏறினதும் ஆறினதும்

அப்படியானால் கோழிக்கூட்டுத் தகரத்தின் மேல் என்ன நடந்தது? வீட்டுக்கு வந்து அதை யோசித்தேன். வெயில் பற்றரிக்குள் ஒரு துளி மின்னையும் வைக்கவில்லை. பற்றரி வேலை செய்யும்போது நாகத்தின் பக்கத்தில் கரைந்தது குவிந்துவிடுகிறது, மாவின் பக்கத்தில் அமோனியா சூழ்ந்துவிடுகிறது. மாவுத் துணிக்கைகளின் மேற்பரப்பு களைத்துவிடுகிறது, உள்ளே இன்னும் பாவிக்காத பகுதி இருந்தாலும். ஓய்வு கொடுத்தால் இவை பரந்து சமமாகும். சூடு கொடுத்தால் அது விரைவாக நடக்கும், இறுகிய பசையிலும் அயன்கள் இலகுவாக ஓடும். எரியாமல் மிஞ்சிக் கிடந்ததைத்தான் வெயில் எட்டச் செய்தது. உப்புத் தண்ணி ஊற்றியதும் அதே. காய்ந்துபோன வழியை ஈரமாக்கியது. போன நாகம் போனதுதான். சூடு நாகத்தின் வீண் அரிப்பையும் கூட்டும் என்பதால், ஒவ்வொரு வெயிலுக்கும் ஒரு விலையும் இருந்தது.

அப்பா எங்களோடுதான் இருக்கிறார், உப்புவெளியில். அன்று பின்னேரம் வாசல் திண்ணையில் அவரிடம் இதைச் சொன்னேன். "அப்பா, நீங்கள் வெயிலில வைச்சது சார்ஜ் ஏறினதில்ல. களைப்பு ஆறினதுதான்." ஒரு பிள்ளை வந்து முப்பது வருடம் கழித்துத் தன் கைமருந்து பிழை என்று சொல்வதாக அவர் எடுத்துக்கொள்ளக்கூடும் என்று எனக்குத் தயக்கம் இருந்தது. அவர் தலையாட்டினார்.

"அது தெரியும். ஏறியிருந்தா ஏன் நான் செய்திக்கு முன்னம் ரேடியோவைத் தொட விடேல்ல? செய்திக்குப் போடுவன், செய்தி முடிய நிப்பாட்டிப் பற்றரியக் கழட்டிப்போடுவன். நீயும் தங்கச்சியும் பாட்டுக் கேக்க அழுவியள்."

பிறகு மருமகனிடம் திரும்பி, அந்த நாலு பற்றரியில் எது நல்லது எது கிழடு என்று நாக்கால் தொட்டுப் பார்க்காமல் எப்படிக் கண்டுபிடித்தார் என்று சொல்லத் தொடங்கினார். டோர்ச்சில் ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டு, வெளிச்சம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுவாராம். ஐம்பது எண்ணுமுன் மங்கினால் அது கடிகாரத்துக்கு. மங்காவிட்டால் ரேடியோவுக்கு.